80% பங்கேற்பு எப்படி வருகிறது?

"குடியாத்தத்துக்காரன். வேலூர் கிளையில் 10 லட்சம் போடச் சொல்கிறார்கள்: 5 வருஷம், போட்ட முதலுக்குப் பாதுகாப்பு, நிஃப்டி ஏற்றத்தில் 80%. அந்த 80 எங்கிருந்து வந்தது?"

வணக்கம் சார். உங்க பணத்தில் ஒரு பகுதி பாண்டுக்கும் மிச்சம் ஆப்ஷனுக்கும் போகும். முதலில் பாண்டைப் பாருங்க. வட்டி 7% என்று வைத்தால், நடுவில் வட்டி தராமல் 5 வருஷம் கழித்து மொத்தமாக 10 லட்சம் தரும் சீரோ கூப்பன் பாண்ட் இன்றைக்கு 10,00,000 ÷ 1.07^5, அதாவது சுமார் 7,13,000 ரூபாய். மிச்சம் 2,87,000. இதில்தான், நிஃப்டி ஏறினால் அந்த ஏற்றத்தைத் தரும் கால் ஆப்ஷன் வாங்குவார்கள்.

இன்றைய நிஃப்டி அளவிலேயே 5 வருஷ கால் ஆப்ஷன், நிஃப்டியின் வருஷ ஏற்ற இறக்கம் 16% என்று கொண்டால், போட்ட பணத்தில் சுமார் 26% விலை. 10 லட்சத்துக்கு 2,60,000. 2,87,000 ÷ 2,60,000 = 110%. இதுதான் கட்டணம் இல்லாத பங்கேற்பு.

80%க்கு ஆப்ஷன் செலவு 2,08,000தான். ஆக 79,000 ரூபாய் அவர்களிடம் நிற்கிறது. எனக்கு இது அதிகம். ஏற்ற இறக்கம் கூடினால் ஆப்ஷன் விலை ஏறி விகிதம் குறையும் என்பதும் உண்மை. அதனால் ஆப்ஷன் விலையை எழுத்தில் கேளுங்க.

கடைசி மாதங்களின் சராசரியை வைத்து ஏற்றம் கணக்கிட்டால் ஆப்ஷன் இன்னும் மலிவு. அப்போது 80% ரொம்பக் குறைவு. பாண்ட் வெளியிடும் கம்பெனி நொடித்தால் முதலுக்கும் பாதுகாப்பு கிடையாது சார், அதன் ரேட்டிங்கைக் கட்டாயம் பாருங்க.