'முடியாது'க்குப் பிறகு வந்த 'அப்படின்னு': பேட்டியைச் சுருக்கியதற்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: நான் சின்னதாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். எங்கள் பகுதியில் தனியார் பால் பண்ணை வைத்திருப்பவரை 40 நிமிடம் பேட்டி எடுத்து, 7 நிமிடமாகச் சுருக்கிப் போட்டேன். "தண்ணி கலக்காம இந்த விலைக்குப் பால் கொடுக்கவே முடியாது" என்று அவர் சொல்லும் இடத்தைத் தனியாக ஷார்ட்ஸிலும் போட்டேன். இப்போது அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் மன்னிப்பு கேட்க வேண்டுமாம், 10 லட்சம் நஷ்டஈடு வேண்டுமாம். அவர் வாயால் சொன்னதுதான் சார், நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. இது அவதூறாகுமா? இனி எப்படி வெட்டுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய முழுப் பதிவையும் கேட்டேன். 23-வது நிமிடத்தில் அவர் பேசுவது இதுதான்: "தண்ணி கலக்காம இந்த விலைக்குப் பால் கொடுக்கவே முடியாது... அப்படின்னுதான் ஊர்ல பேசுறாங்க. எங்க கேன்ல யார் வேணா லாக்டோமீட்டர் விட்டுப் பார்க்கட்டும்." 'முடியாது' என்றதும் அவர் ஒரு மூச்சு இழுக்கிறார். அந்த இடைவெளியில் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். ஊரார் பேச்சை எடுத்துச் சொல்லி மறுத்தவர், உங்கள் வீடியோவில் தானே கலப்படத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிவிட்டார்.

ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன்: இது அவதூறாக வாய்ப்பு அதிகம். சேர்த்தால்தான் குற்றம், விட்டால் குற்றமில்லை என்று சட்டம் பார்ப்பதில்லை. குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு, ஒருவருடைய பெயரைக் கெடுக்கும் என்று தெரிந்தோ, தெரிய வேண்டிய நிலையிலோ அவர்மேல் ஒரு பழியை வெளியிடுவதைத்தான் அவதூறு என்கிறது. இங்கே பழி 'இவர் பாலில் தண்ணீர் கலக்கிறார்' என்பது. பொதுநலனுக்காக உண்மையைச் சொன்னேன் என்ற விதிவிலக்கு உண்டு. ஆனால் அதற்கு அந்தக் கலப்படம் உண்மை என்று நீங்கள் காட்ட வேண்டும். அந்தச் சொற்களை அவர் உச்சரித்தார் என்று காட்டினால் போதாது. அந்தப் பண்ணைப் பாலைச் சோதித்த ஆய்வக அறிக்கை ஏதாவது உங்களிடம் இருந்தால் உடனே அனுப்புங்கள். இல்லையென்றால் அந்த வாதம் நமக்கு இல்லை. நல்லெண்ணத்தில் செய்தேன் என்பதும் சிரமம்தான், ஏனென்றால் போதிய கவனமில்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று சட்டம் ஏற்காது. 'அப்படின்னுதான்' என்ற சொல் உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

அவருடைய வக்கீல் நிச்சயம் முழுப் பதிவைக் கேட்பார். உரையாடலின் ஒரு துண்டைச் சாட்சியமாகக் காட்டினால், அதன் பொருளும் சூழலும் முழுதாக விளங்கத் தேவையான அளவு மற்றப் பகுதியையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 33-வது பிரிவு சொல்கிறது.

இதே சிக்கல் 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 'தி நியூ யார்க்கர்' இதழில் ஜேனட் மால்கம் எழுதிய கட்டுரையில் தான் சொல்லாததெல்லாம் மேற்கோளாக வந்திருக்கிறது என்று ஜெஃப்ரி மேசன் என்ற உளப்பகுப்பாய்வாளர் வழக்குப் போட்டார். பேச்சை எழுத்தாக்கும்போது சொற்கள் மாறுவதை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்ல முடியாது, பொருள் முக்கியமான அளவுக்கு மாறியதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிறகு 1994-ல் ஜூரி மால்கமுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடிட்டிங் மேசையில் வைத்துக்கொள்ள அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில், மெமரி கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். பதிவு உங்களுக்கு எதிராக இருந்தாலும் அழிக்கக் கூடாது, அழித்தால் அது தனிக் குற்றமாகிவிடும். கார்டை அப்படியே எடுத்து வையுங்கள், நகலில் வேலை செய்யுங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட அதே சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, பதிவு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் தேவைப்படும். அடுத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, வீடியோவையும் ஷார்ட்ஸையும் இன்றே பிரைவேட் ஆக்குங்கள். ஃபேஸ்புக்கில் போட்டிருந்தால் அங்கேயும். வீடியோவை எடுத்துவிடுவது மட்டுமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. நோட்டீஸுக்குப் பதிலை வக்கீல் மூலமே அனுப்புங்கள், பண்ணைக்காரருக்கு நீங்களே போன் போட்டு விளக்கம் சொல்லாதீர்கள்.

அவர் நேராகப் போலீசில் வழக்குப் பதியவைக்க முடியாது. மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப்புகார்தான் கொடுக்க வேண்டும், புகாரை ஏற்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். அதற்குக் காலக்கெடு மூன்று ஆண்டு. நஷ்டஈட்டுக்கான சிவில் வழக்கு என்றால் வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டு. குற்ற வழக்கில் தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ, அல்லது சமூக சேவையோ ஆகலாம். ஆனால் இது இரு தரப்பும் சமாதானமாகப் போகக்கூடிய குற்றம். உங்கள் விஷயத்தில் அந்த வழிதான் சரி என்பது என் கருத்து. அவர் தவறு எதுவும் செய்யவில்லை, அவருடைய வியாபாரம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அப்புறம், வெட்டுவது எப்படி என்று கேட்டீர்கள். நம் மொழியில் ஒரு ஆபத்து இருக்கிறது. யார் சொன்னது, நடந்ததா இல்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். 'என்று சொல்கிறார்கள்', 'அப்படின்னு நினைக்காதீங்க', 'கலந்தாத்தானே' எல்லாம் வாலில் இருக்கும். வினைமுற்று வந்துவிட்டது, வாக்கியம் முடிந்தது என்று வெட்டினால், அடுத்த மூச்சில் வரும் ஒரு 'அப்படின்னு' பொருளையே கவிழ்த்துவிடும். அதனால் வெட்ட நினைக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் அரை நிமிடமாவது கேளுங்கள். பேட்டி முழுவதையும் நேரக்குறிப்போடு தட்டச்சு செய்து, முதலில் காகிதத்தில் வெட்டுங்கள். அலைவடிவத்தைப் பார்த்து வெட்டினால் மூச்சு விடும் இடம்தான் கண்ணில் படும், பொருள் முடியும் இடம் தெரியாது.

ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். பதிலை வைத்தால் கேட்ட கேள்வியையும் வையுங்கள். இரண்டு துண்டைச் சேர்க்கும் இடத்தில் மாட்டுத்தொழுவத்தைக் காட்டி ஒட்டை மறைப்பதைவிட, ஒரு வெள்ளை மின்னல் விட்டு 'இங்கே வெட்டப்பட்டது' என்று தெரியவிடுவது நேர்மை. மௌனமும் பேச்சுதான். 2016-ல் வந்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், துப்பாக்கி உரிமையாளர்களிடம் கேட்ட கேள்விக்குப் பின் அவர்கள் சில விநாடிகள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதாகக் காட்டினார்கள். உண்மையில் அவர்கள் உடனே பதில் சொல்லியிருந்தார்கள். அவதூறு வழக்கு 2018-ல் மேல்முறையீட்டிலும் தள்ளுபடியானது, ஆனால் அந்தப் பேட்டியை எடுத்த கேட்டி கூரிக் முன்பே வருத்தம் தெரிவித்திருந்தார். வழக்கில் தப்பிய வெட்டும் தப்பான வெட்டாக இருக்கலாம்.

தடுமாற்றம், திரும்பச் சொன்னது, கிளைக்கதை எல்லாவற்றையும் தாராளமாக எடுத்துவிடலாம். முழுப் பேட்டியையும் போட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஷார்ட்ஸில்தான் கூடுதல் கவனம் வேண்டும், அதைப் பார்ப்பவர் முழு வீடியோவுக்கு வரமாட்டார். பேட்டி எடுத்தபோது கூட இல்லாத ஒருவரிடம் துண்டை மட்டும் காட்டி, 'இவர் என்ன சொல்கிறார்?' என்று கேளுங்கள். பிறகு முழுப் பகுதியையும் காட்டி அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறாக இருந்தால் அந்தத் துண்டைப் போடாதீர்கள்.

திருத்த வீடியோவில் 23-வது நிமிடப் பகுதியை உங்கள் கேள்வியிலிருந்து லாக்டோமீட்டர் வரை வெட்டாமல் வையுங்கள். முன்பு வெளியிட்டதில் அவருடைய மறுப்பு விடுபட்டது என்று உங்கள் குரலில் சொல்லுங்கள், ஷார்ட்ஸாகவும் அதையே போடுங்கள். சொல்லப்போகும் வாசகத்தை முதலில் எழுதி உங்கள் வக்கீலிடம் காட்டி, நோட்டீஸுக்கான பதிலோடு சேர்த்து, 15 நாள் முடியும் முன் அனுப்பிவிடுங்கள்.