பாதித் தண்ணீரும் பிரதிமத்தியமமும்

அன்புள்ள ஐயா,

ஒரே மாதிரியான எட்டு கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, வாயில் குறுக்காக ஊதி, ச முதல் மேல் ச வரை கொண்டுவரப் பார்க்கிறேன். கழுத்துக்குக் கீழே 700 மில்லி பிடிக்கும். கழுத்தின் உள்விட்டம் 2 செ.மீ., நீளம் 6 செ.மீ. பாதித் தண்ணீர் ஊற்றினால் மேல் ச வர வேண்டுமல்லவா? மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது, தாண்ட மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காதும் பாட்டிலும் சரியாகவே இருக்கின்றன. நீங்கள் போட்டது குழாயின் கணக்கு. ஒரே அகலமுள்ள சோதனைக் குழாயில் காற்றுத் தூணின் நீளத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய மேல் ச கிடைக்கும். கழுத்துள்ள பாட்டில் வேறு விதமாக வேலை செய்கிறது. கழுத்திலுள்ள காற்று ஒரு தக்கைபோல மொத்தமாக உள்ளும் வெளியும் ஆடுகிறது. வயிற்றிலுள்ள காற்று அதற்கு ஸ்பிரிங்காக இருக்கிறது. தக்கை கனமானால் சுருதி இறங்கும், ஸ்பிரிங் விறைப்பானால் ஏறும். இந்த அமைப்புக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி என்று பெயர்.

f = (c / 2π) × √(A / (V × L))

c ஒலியின் வேகம், A கழுத்தின் குறுக்குப் பரப்பு, V வயிற்றுக் காற்றின் கன அளவு, L கழுத்தின் நீளம். தக்கை கழுத்தின் இரு முனைகளுக்கும் வெளியே கொஞ்சம் நீண்டுகொண்டு ஆடுவதால், அளந்த நீளத்தோடு ஆரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கைச் சேர்க்க வேண்டும். உங்கள் பாட்டிலுக்கு A 3.14 சதுர செ.மீ., L 7.5 செ.மீ. ஒலியின் வேகத்தை நொடிக்கு 346 மீட்டர் என்று வைத்தால் வெறும் பாட்டில் சுமார் 135 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்.

விஷயம் அந்த வர்க்கமூலத்தில் இருக்கிறது. காற்றைப் பாதியாக்கினால் அதிர்வெண் 1.41 மடங்குதான் ஆகும், அதாவது சுமார் 190 ஹெர்ட்ஸ். ஸ்வரமாகச் சொன்னால் பிரதிமத்தியமம். உங்கள் காதில் விழுந்தது அதுதான். இரண்டு மடங்கு வேண்டுமானால் காற்று நான்கில் ஒன்றாக, 175 மில்லியாக வேண்டும். அதற்கு 525 மில்லி தண்ணீர்.

கழுத்தின் நீளமும் அப்படியே: இரண்டு மடங்கானால் சுருதி பாதியாகாது, சுமார் 0.7 மடங்காகும். விட்டத்துக்கு மட்டும் வர்க்கமூலம் கழன்றுவிடும், ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கம். நீளத்தை மாற்றாமல் விட்டத்தைப் பாதியாக்கினால் சுருதியும் ஏறத்தாழப் பாதியாகும். ஊதும்போது உதடு வாயை அதிகம் மூடினால் சுருதி இறங்குவதும் திறப்பு குறுகுவதால்தான். ஆகவே எல்லா பாட்டில்களிலும் உதட்டை ஒரே அளவு வையுங்கள்.

ஒரே மாதிரி பாட்டில்கள் என்பதால் உங்களுக்குக் கழுத்தின் கணக்கே தேவையில்லை. ஸ்வரத்தின் விகிதத்தை வர்க்கப்படுத்தி, 700ஐ அதனால் வகுத்தால் மிஞ்ச வேண்டிய காற்று வந்துவிடும். பஞ்சமம் 3/2, வர்க்கம் 9/4, காற்று 311 மில்லி, தண்ணீர் 389. சங்கராபரணத்துக்கு ரி முதல் மேல் ச வரை தண்ணீர் 147, 252, 306, 389, 448, 501, 525 மில்லி. தராசில் வைத்து ஊற்றுங்கள், 1 கிராம் 1 மில்லி.

ரிக்கு 147 மில்லி கேட்கும் பாட்டில், நியிலிருந்து மேல் சவுக்கு 24 மில்லிதான் கேட்கிறது. 5 மில்லி தவறினால் வெறும் பாட்டிலில் காதுக்குத் தெரியாது. மேல் சவில் அதே 5 மில்லி அரைஸ்வரத்தில் கால் பங்கு அளவுக்கு அபஸ்வரம். அதனால் கடைசி இரண்டு பாட்டில்களுக்குச் சொட்டுக்குழாய் வேண்டும். கழுத்திலுள்ள 19 மில்லி காற்றும் கொஞ்சம் அமுங்கி விரிவதால், அங்கே சுருதி கணக்கைவிடச் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். மேல் சவில் சுமார் 5 மில்லி கூடுதலாக ஊற்ற வேண்டிவரும். ட்யூனரைப் பார்த்தே முடியுங்கள்.

ஊற்றியபின் தட்டிப் பார்த்துச் சுருதி சேர்க்காதீர்கள். தட்டும்போது அதிர்வது கண்ணாடி, தண்ணீர் அதற்குச் சுமை, அதனால் தண்ணீர் கூடக்கூடச் சுருதி இறங்கும். ஊதினால் நேர் எதிர். காற்று எதிர் விளிம்பில் பட வேண்டும், மெதுவாக. பலமாக ஊதினால் சுருதி சற்று ஏறி, பிறகு திடீரென்று கீச்சென்று வேறு ஸ்வரத்துக்குத் தாவும். அது மேல் ச இல்லை.

இன்னொன்று, உங்கள் பாட்டிலின் தோள் சரிவானதா, சட்டென்று குறுகுவதா என்று நீங்கள் எழுதவில்லை. சரிவானதாக இருந்தால் கடைசி 175 மில்லி காற்று கூம்பாகத்தான் நிற்கும், கழுத்து எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாது, கணக்கும் பிசகும். மேல் சவுக்கு மட்டும் சிறிய பாட்டில் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். அதன் கழுத்து வேறு அளவாக இருந்தால் அதற்குத் தனியாக அளந்து ஊற்ற வேண்டும்.