படுத்த படுக்கையானவரைத் தனியாளாகப் புரட்டுவது

கேள்வி: செம்பூரில் சிறிய வீடு, பகலில் நான் மட்டும். மாமியாரைப் படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டுவது?

அவர் திரும்ப வேண்டிய பக்கத்தில் நீங்கள் நின்று, மறுபக்க முழங்காலை மடக்கி, அந்தப் பக்கக் கையை மார்பின்மேல் வைத்து, தோளையும் இடுப்பையும் பிடித்து உங்களை நோக்கி மெல்ல உருட்டுங்கள். உங்கள் உடலே தடுப்பாக இருப்பதால் விழமாட்டார். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகைச் சாய்வில் நிறுத்தினால், வால் எலும்பின் மீதும் இடுப்பெலும்பின் மீதும் பாரம் குறையும். கெண்டைக்காலுக்கடியிலும் ஒரு தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றும்போது தோலைப் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது; கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம், தொட்டால் தெரியும் சூடு, கெட்டித்தன்மை போன்றவையே அடையாளம். அங்கே தேய்க்காமல், பாரம் கொடுக்காமல், மருத்துவரிடம் காட்டுங்கள்.

படுக்கையில் கால்பக்கமாகச் சரிந்தவரைத் தலைமாட்டுப் பக்கம் மேலே ஏற்றுவதை மட்டும், தயவுசெய்து, இன்னொருவர் வரும்வரை தள்ளிப்போடுங்கள். அடியில் விரித்த பருத்திச் சேலையை இருவரும் இருபுறமும் பிடித்துத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்; தூக்காமல் இழுத்தால் தோல் உரிந்துவிடலாம்.