நாய்த் தபால்காரருக்குச் சட்டை தைப்பது எப்படி?

கேள்வி: குழந்தைகள் கதைக்காக, சட்டை போட்டு வேலைக்குப் போகும் விலங்குகளை வரைகிறேன். எல்லாமே முகமூடி மாட்டிய மனிதர்கள் போலத் தெரிகின்றன. எங்கே தவறுகிறேன்?

உங்கள் படத்தில் தலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது நாயா, நரியா, ஆடா என்று சொல்ல முடியாவிட்டால், தவறு கழுத்துக்குக் கீழே இருக்கிறது.

நான் முதன்முதலில் வரைந்த நாய்த் தபால்காரரும் இந்தச் சோதனையில் தேறவில்லை. காக்கிச் சட்டை, முழுக்கால்சட்டை, தோளில் பை எல்லாம் இருந்தும், அதற்குள் நாய் இல்லை. அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் தெரு நாய் சுவரில் முன்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும்போதெல்லாம் பென்சிலோடு உட்கார்ந்து வரைந்தேன். பிறகுதான் உடை எங்கெங்கே இடிக்கிறது என்பது புரிந்தது.

முதலில் கால். நாயின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவதுபோலத் தெரிகிறதே, அது முழங்கால் அன்று, குதிகால். நாய் விரல்களால் மட்டுமே நடக்கிறது, குதிகால் தரையைத் தொடாமல் உயரத்திலேயே நிற்கிறது. உண்மையான முழங்கால் வயிற்றுக்கு அருகில், நம்மைப் போலவே முன்னோக்கி மடங்குகிறது. ஆகவே நமது நேரான முழுக்கால்சட்டையை மாட்டினால் குதிகால் இருக்கும் இடமே மறைந்துவிடும். அதோடு நாயும் மறைந்துவிடும். நான் குதிகாலுக்கு மேலேயே முடியும் அரைக்கால்சட்டை கொடுத்தேன். கீழே ரோமக்கால் வெறுமையாக நின்றது. உடனே நாய் வந்துவிட்டது.

அடுத்தது தோள். நமக்குத் தோளை அகலமாக விரித்துப் பிடிப்பது காறை எலும்பு. நாய்க்கு அது பெயரளவுக்குத்தான் உண்டு. மற்ற எலும்புகளோடு இணைவதில்லை. தோள்பட்டை எலும்புகள் மார்பின் பக்கவாட்டில் ஒட்டிப் படுத்திருக்கின்றன. மார்பும் அகலத்தில் குறுகியது, முன்னும் பின்னுமாக ஆழமானது. அப்படிப்பட்ட உடம்பில் ஒரு தோளில் தொங்கவிட்ட பை வழுக்கி விழுந்துவிடும். வாரைக் கழுத்தடியிலிருந்து மார்பின் குறுக்கே எதிர் விலாவுக்கு இறக்கினால் நிற்கும். வால் முதுகெலும்பின் தொடர்ச்சி என்பதால், அது கால்சட்டையின் நடுவிலிருந்து முளைக்கக் கூடாது. இடுப்புப் பட்டையை ஒட்டி மேலே ஒரு திறப்பு வைத்து வெளியே விடுங்கள்.

உடலுக்குத்தான் துணி தைக்க வேண்டும், துணிக்காக உடலை வளைக்கக் கூடாது. இதை ஆங்கிலக் குழந்தைக் கதைகளை எழுதி, படமும் வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். 1905-இல் வெளிவந்த கதையில் அவருடைய சலவைக்காரி ஒரு முள்ளெலி. வெள்ளைத் தொப்பி, கவுன், ஏப்ரன் எல்லாம் அணிந்து துணி தேய்க்கிறாள். ஆனால் அந்தத் தொப்பியையும் உடையையும் துளைத்துக்கொண்டு கொண்டை ஊசிகள் தலைகீழாகக் குத்திக்கொண்டு நிற்கின்றன. கதையில் அவளைப் பார்க்கிற சிறுமிக்கு அவை கொண்டை ஊசிகள். நமக்கு முட்கள் என்று தெரியும். துணி உடலை மூடவும் செய்கிறது, காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

பாட்டர் வளர்த்த முள்ளெலியே இதற்கு மாதிரி. மடியில் தூங்க விட்டால் அது மகிழ்ச்சியாக இருக்கும். அரை மணி நேரம் நிமிர்த்தி நிறுத்தி வைத்தால் முதலில் கொட்டாவி விடும், பிறகு கடிக்கும் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே உடையை மட்டும் பார்த்து வரைய, பஞ்சு பொம்மை ஒன்றுக்கு உடுத்தி வைத்துக்கொண்டார். விலங்கை விலங்கிடமிருந்தும், துணியின் மடிப்பைப் பொம்மையிடமிருந்தும் எடுத்தார். நீங்களும் களிமண்ணில் அந்த விலங்கின் உருவம் பிடித்து, பழைய வேட்டித் துணியைச் சுற்றிப் பாருங்கள். மடிப்பு எங்கே விழுகிறது, எங்கே இழுபடுகிறது என்பதைக் கற்பனையில் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, வேலை செய்யும் உறுப்பு. எல்லா உறுப்பையும் மனித வேலைக்குப் பழக்க வேண்டியதில்லை. அந்தத் தொழில் எந்த உறுப்பைக் கேட்கிறதோ, அதற்கு மட்டும் வழி சொல்லுங்கள். தபால்காரருக்கு அது கடிதத்தைப் பிடிக்கும் கை. நாயின் முன்பாதத்தில் தரையில் ஊன்றும் நான்கு விரல்களும், மேலே சற்றுத் தள்ளி ஒரு குட்டி விரலும் உண்டு. அந்தக் குட்டி விரலைக் கட்டைவிரலாக நீட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும்; நீட்டினால் மறுபடியும் கையுறை போட்ட மனிதர்தான் வருவார். நான் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் கடிதக் கட்டை அழுத்திப் பிடிக்க வைத்தேன். கதவைத் தட்ட ஒரு பாதம் வேண்டியிருந்தபோது, கடிதம் வாய்க்குப் போனது. ஒரு மூலை நனைந்து, மெல்லிய பல் தடத்தோடு இருந்த அந்த உறையைத்தான் குழந்தைகள் முதலில் விரல் வைத்துக் காட்டினார்கள்.