சூதாட்டப் பிரச்சினை: உதவி எண்ணில் என்ன கிடைக்கும், முதல் கவுன்சலிங்கில் என்ன நடக்கும்?

கேள்வி: மூன்று வருடமாக மொபைலில் பந்தயம் கட்டுகிறேன். கடன் ஏறிவிட்டது, மனைவிக்குத் தெரியாது. ஹெல்ப்லைன் நம்பரைச் சேமித்து வைத்து ஒரு மாதம் ஆகிறது, கூப்பிடக் கை வரவில்லை. கூப்பிட்டால் என்ன கேட்பார்கள், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா? முதல் கவுன்சலிங்கில் உள்ளே என்னதான் நடக்கும்?

பதில்: வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலான உதவி எண்களில் உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, புனைபெயர் போதும். இந்த ரகசியத்துக்குப் பெரிய விதிவிலக்கு, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் அவசர உதவியை அழைக்கலாம் என்பது. குழந்தைக்கு ஆபத்து என்றாலும் அப்படித்தான். இந்த எல்லை எதுவரை என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள், நல்ல ஆலோசகர் தயங்காமல் சொல்லிவிடுவார். அழைத்த எண் போனிலோ வீட்டு பில்லிலோ தெரியுமே என்ற பயம் இருந்தால், பல சேவைகளில் எழுத்து வழி அரட்டையும் உண்டு.

அழைத்தவுடன் முதலில் கேட்பது, நீங்களே ஆடுபவரா, வீட்டில் ஒருவருக்காகப் பேசுகிறீர்களா என்றுதான். அடுத்து, இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பார்கள். இந்தக் கேள்வி பலரைத் திடுக்கிட வைக்கும். உங்கள் பேச்சை வைத்துச் சந்தேகப்பட்டு அதைக் கேட்பதில்லை, அழைக்கும் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. சூதாட்டக் கடனில் சிக்கியவர்களிடம், அதுவும் ரகசியம் வெளியே வந்த நாட்களில், தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. கேட்பதால் அந்த எண்ணம் உருவாகிவிடாது. இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைச் சொன்னதற்காக யாரும் உங்களைக் குறைத்து நினைக்க மாட்டார்கள், அடுத்து என்ன செய்வது என்பதும் அதைப் பொறுத்தே முடிவாகும்.

அப்புறம் அவர்கள் உண்மையில் தருவது என்ன? மூன்று விஷயங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஆடத் தோன்றும் துடிப்பு தணியும்வரை கூடவே பேசுவது, இன்றிரவு பணத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு தடையைப் போட உதவுவது, நேரில் பார்க்கக்கூடிய ஆலோசகரிடம் சேர்த்துவிடுவது. உங்கள் கடனை அடைக்க மாட்டார்கள், இழந்த பணத்தை மீட்டுத் தர மாட்டார்கள், போனிலேயே நோய் இது என்று முடிவு கட்டவும் மாட்டார்கள். அடுத்த முறை அழைத்தால் அதே நபர் பேசுவார் என்பதற்கும் உறுதி இல்லை.

உதவி எண்களுக்குள்ளேயே தர வித்தியாசம் உண்டு. சில இடங்களில் ஒரு முகவரியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். சில இடங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார், நீங்கள் இணைப்பில் இருக்கும்போதே மையத்தை அழைத்து நேரம் வாங்கித் தருவார், இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைப்பார். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, “நீங்களே எனக்கு நேரம் வாங்கித் தர முடியுமா, திரும்ப அழைப்பீர்களா?” என்று கேட்டாலே போதும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், அது உதவி எண்ணே இல்லை, மோசடி. உடனே வைத்துவிடுங்கள்.

போனில் பேசுவதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 2001-ல் கனடாவில் உளவியலாளர் டேவிட் ஹாட்ஜின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு ஊக்கப் பேச்சு தொலைபேசியில், கூடவே தபாலில் ஒரு பயிற்சி நூல். நூல் மட்டும் பெற்றவர்களைவிட, பேசிவிட்டு நூலைப் பெற்றவர்கள் ஆரம்ப மாதங்களில் நன்றாகத் தேறினார்கள். இரு தரப்புக்கும் போனது ஒரே நூல்தான், நடுவில் ஒரு மனிதக் குரல் இருந்தது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, முதல் அமர்வுக்கு வருவோம். பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை போகும். ஆரம்பத்தில் ஒரு படிவம் இருக்கும். அதிகம் புழங்குவது ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். கடந்த 12 மாதங்களில் இழந்ததை மீட்கத் திரும்பப் போனீர்களா, ஆடக் கடன் வாங்கினீர்களா, குற்ற உணர்வு வந்ததா என்ற மாதிரி கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. எட்டோ அதற்கு மேலோ வந்தால் தீவிரப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணை ஒரு தீர்ப்பாகப் பார்க்காதீர்கள். ஆறு மாதம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட அது உதவும், அதனால்தான் முதல் நாளே எடுத்து வைக்கிறார்கள்.

என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளும், மனநல மருத்துவத்தில் தரப்படும் அரிபிப்ரசோலும் சிலரிடம் சூதாடும் உந்துதலைக் கிளப்பிவிடும். மருந்து தொடங்கிய பிறகுதான் ஆட்டம் தொடங்கியது என்றால், மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றுவதே முதல் வேலை. தானாக நிறுத்தக் கூடாது.

இதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அமர்வின் உயிர் இதற்கு அப்புறம்தான். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று துருவ மாட்டார்கள். கடைசியாக ஆடிய ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். எப்படி என்று காட்ட ஒருவர் கதையைச் சொல்கிறேன். பலரிடம் கேட்டதைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன்.

வயது 34, உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொன்னது, “திடீர்னு தோணும் சார், தோணினா கை நிக்காது.” கடைசியாக எப்போது என்று கேட்டார் ஆலோசகர். வியாழக்கிழமை இரவு. அன்று காலையிலிருந்தே ஆரம்பித்தார்கள். முதல் நாள் சம்பளம் வந்திருந்தது. மாலை ஐந்து மணிக்குக் கடன் கொடுத்தவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. எட்டு மணிக்கு ஆட்டச் செயலியிலிருந்து இலவசப் பந்தயம் தருவதாக ஒரு அறிவிப்பு. பத்தரைக்கு மனைவியும் பிள்ளையும் தூங்கிவிட்டார்கள், இவர் போனோடு தனியாக இருந்தார். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் போட்டார். 11.10-க்கு அது மூன்று மடங்கானது. 11.50-க்கு முழுதும் போனது. அப்புறம் இரண்டு மணிவரை நான்கு முறை பணம் ஏற்றினார், பாதிச் சம்பளம் காலி.

ஆலோசகர் நின்ற இடம் 11.10. ஜெயித்த அந்த நிமிடத்தில் மனதில் ஓடியது என்ன, ஏன் எடுத்துக்கொண்டு வெளியே வரவில்லை? அவர் யோசித்துச் சொன்னார்: “இன்னும் ரெண்டு தடவை இப்படி வந்தா கடன் முழுக்க முடிஞ்சிடும்னு நினைச்சேன்.” அன்று இரவை ஓட்டியது ஆசையைவிட அதிகமாக ஐந்து மணிச் செய்தி. கூடவே இன்னொரு விஷயமும் வெளியே வந்தது: அந்த மூன்றரை மணி நேரமும் அவருக்குக் கடன் ஞாபகமே இல்லை. ஆட்டம் அவருக்குக் கொடுத்தது அந்த மறதியைத்தான். திடீரென்று தோன்றுவதாக நினைத்தது, உண்மையில் ஐந்தரை மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டிருந்தது. குறுக்கே நிற்க எத்தனை இடம் கிடைக்கிறது பாருங்கள்.

அடுத்து, நிறுத்துவது எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டார். ஒன்பது. முடியும் என்ற நம்பிக்கை? நான்கு. எல்லோரும் ஏன் பத்து இல்லை என்று கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். கேட்டது, “ஏன் இரண்டு இல்லாமல் நான்கு?” கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, போன வருடம் ஆறு வாரம் ஆடாமல் இருந்ததாகச் சொன்னார். அப்போது என்ன வேறாக இருந்தது? சம்பளக் கணக்கு அண்ணன் கையில் இருந்தது. ஆக, வழி அவரிடமே இருந்தது, யாரும் அறிவுரையாகச் சொல்லவில்லை. அன்று அறையை விட்டுப் போவதற்குள் செயலியில் சேமித்திருந்த அட்டையை நீக்கினார், சூதாட்டத் தளங்களை முடக்கும் இலவச மென்பொருளைப் போனில் போட்டார், சம்பளத்தை மறுபடி அண்ணனிடம் விடுவதாக ஒப்புக்கொண்டு அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தார். தளத்திலேயே உங்களை உள்ளே விடாதபடி சுயதடை பதிவு செய்யும் வசதி இருந்தால் அதையும் செய்வார்கள். எந்தத் தடையும் முழுசாக அடைக்காது, புதுத் தளம் எப்போதும் ஒன்று இருக்கும். ஆனால் 11.50-க்கும் அடுத்த முறை பணம் ஏற்றுவதற்கும் நடுவில் அரை மணி நேரம் கிடைத்தால், துடிப்பு பல நேரம் அதற்குள் இறங்கிவிடுகிறது.

கடனைப் பற்றி முதல் அமர்வில் ஒரு தாளில் மொத்தத்தையும் எழுதச் சொல்வார்கள், அவ்வளவுதான். உடனே ஒரு பெரிய கடன் வாங்கிச் சின்னக் கடன்களை அடைக்கலாமா என்று கேட்பீர்கள். ஆலோசகர் பொறுக்கச் சொல்வார். திடீரென்று சுமை இறங்கினால் மறுபடி ஆடக் கை வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேட்டில் சூதாட்ட நோய்க்கான ஒன்பது அறிகுறிகளில் ஒன்று, சிக்கலிலிருந்து மீள மற்றவர் பணத்தை நம்புவது. நான்கு அறிகுறிகள் இருந்தாலே நோய் என்று எடுக்கிறார்கள்.

மனைவியிடம் சொல்லச் சொல்லி யாரும் நெருக்கடி கொடுக்க மாட்டார்கள். விரும்பினால் அடுத்த அமர்வில் அவரையும் அழைத்து வைத்துப் பேச வசதி செய்வார்கள். சொல்லும் நாளில் மட்டும் முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதி பிறகு தெரிந்தால், தொகையைவிட அந்த இரண்டாவது பொய்தான் அவரை உடைக்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போன இடம் சரியில்லை என்று எப்படித் தெரியும்? அரை மணி நேரம் புத்திமதி சொன்னால், இனி ஆட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினால், பணம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்காமல் விட்டால், வேறு ஆலோசகரைத் தேடுங்கள். சூதாட்டப் பிரச்சினையில் அனுபவம் உண்டா என்று முன்பே கேட்பதில் தவறில்லை. நல்ல இடமாக இருந்தாலும் அன்று இரவே லேசாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிறுத்திய முதல் நாட்களில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். பலர் அங்கேயே அடுத்த அமர்வுக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் இரண்டாவது நேரத்தை முதல் நாளே குறித்துக்கொண்டு வாருங்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் உங்கள் கையைக் கட்டுகிறது என்று நினைக்கிறேன். இதை ஒரு தாளில் எழுதி வைத்து அப்படியே படியுங்கள்: “முதல் தடவையாகக் கூப்பிடுகிறேன். ஆன்லைன் பந்தயத்தால் கடன் ஆகிவிட்டது, வீட்டில் தெரியாது. இன்றிரவு ஆடாமல் இருக்க ஒரு வழியும், நேரில் பேச ஒரு ஆளும் வேண்டும்.” மீதியை அவர்கள் கேட்பார்கள்.