வாதுரையில் சாட்சியத்தை எழுவினாவோடு கோப்பது எப்படி?

கேள்வி: வேலூரில் பிராக்டிஸ் செய்யும் ஜூனியர் நான். காட்பாடிப் பக்கம் ஒரு மனை, கிரைய ஒப்பந்த வழக்கு, நாங்கள் வாதி தரப்பு. சாட்சி விசாரணை முடிந்து வாதுரைக்குப் போட்டாகிவிட்டது. சீனியர் என்னையே பேசச் சொல்கிறார். "கடனுக்கு ஈடாகத்தான் எழுதிக் கொடுத்தேன்" என்பது எதிர்த்தரப்பு. வாக்குமூலமும் ஆவணமும் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. எங்கே ஆரம்பிப்பது, எதை எதோடு சேர்ப்பது?

பதில்: வழக்குரையின் முதல் பத்தியில் ஆரம்பிக்காதீர்கள். நீதிபதி கதை கேட்டு முடித்துவிட்டார். இனி அவருக்கு இருக்கும் வேலை, ஒவ்வொரு எழுவினாவுக்கும் முடிவும் அதற்கான காரணமும் எழுதுவது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 20, விதி 5 அவரிடம் கேட்பது அதைத்தான். ஆகவே வாதுரையும் எழுவினா வரிசையில் ஓட வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் தன் குறிப்பேட்டில் தீர்ப்பின் பத்தியாகவே எழுதிக்கொள்ள முடிந்தால் நல்லது.

பேசும் நாளுக்கு முன்பே எழுவினாத் தாளை எடுத்து எதிர்வழக்குரையோடு ஒப்பிடுங்கள். 'கடனுக்கு ஈடு' என்ற தற்காப்புக்கு எழுவினா வனையப்படாமல் போயிருக்கலாம். தீர்ப்பாணைக்கு முன் எந்தக் கட்டத்திலும் எழுவினாவைத் திருத்தவோ சேர்க்கவோ கட்டளை 14, விதி 5 இடம் தருகிறது. அதை வாதுரைக்கு நடுவில் கிளப்பினால் வாய்தா போகும். முன்கூட்டியே ஒரு மெமோ போட்டுவிடுங்கள்.

இனி ஒரு மாதிரி வழக்கை வைத்துச் சொல்கிறேன். காட்பாடி வட்டத்தில் 1,200 சதுர அடி மனை. விலை 18 லட்சம், முன்பணம் 5 லட்சம், மீதி 13 லட்சம். பதிவு செய்த ஒப்பந்தம் 10.09.2021 தேதியது, கெடு 11 மாதம். வாதியின் வக்கீல் நோட்டீஸ் 20.07.2022, பிரதிவாதியின் பதில் நோட்டீஸ் 02.08.2022, வழக்கு 14.11.2022. எழுவினாக்கள் நான்கு: ஒப்பந்தம் கிரையத்துக்கா கடனுக்கு ஈடா; வாதி எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா; ஏற்றதை ஆற்றும் பரிகாரம் உண்டா; இல்லையென்றால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா.

ஒரு எழுவினாவுக்கு ஒரு முழுத்தாள். தாளின் தலையில் எழுவினா, அதன் கீழே அதை நிரூபிக்க வேண்டியவர் யார் என்று ஒரு வரி. பிறகு இடது பாதியில் நம் ஆதாரம், வலது பாதியில் அவர்கள் ஆதாரம். ஒவ்வொன்றுக்கும் நேரே ஆவண எண் அல்லது சாட்சி எண், வாக்குமூலத்தின் பக்கம், அந்த வாக்கியம் அப்படியே. 'பி.வா.சா.1 ஒப்புக்கொண்டார்' என்று பொதுவாக எழுதி வைத்தால் பேசும்போது பக்கம் தேட வேண்டிவரும். தேடும் அந்த நிமிடத்தில் நீதிபதியின் கவனம் கலைந்துவிடும்.

முதல் எழுவினாதான் வழக்கின் உயிர். கையெழுத்தும் பதிவும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. எனவே பத்திரத்தில் எழுதியது உண்மையல்ல என்று காட்டும் சுமை பிரதிவாதியின் தலையில். அதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் 'பதிவுப் பத்திரத்துக்கு எதிராக வாய்மொழிச் சாட்சியமே கூடாது, சாட்சியச் சட்டப் பிரிவு 92' என்று அடித்துப் பேசாதீர்கள். ஜூனியர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பத்திரத்தின் நிபந்தனையை மாற்றத்தான் அந்தப் பிரிவு தடை. பத்திரமே அமலுக்காக எழுதப்படவில்லை, வேறொரு ஏற்பாடுதான் உண்மை என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் தரலாம் என்று கங்காபாய் எதிர் சாபுபாய் வழக்கில் (1982) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். ஆகவே 'சாட்சியம் தரலாம், தந்தது போதவில்லை' என்பதே நீங்கள் எடுக்க வேண்டிய நிலை. (விசாரணை 01.07.2024-க்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சாட்சியச் சட்டமே பொருந்தும். புதிய சட்டத்தில் இதே தடை பிரிவு 95.)

போதவில்லை என்பதை எப்படிக் காட்டுவது? நமக்கு மிகவும் வலிக்கும் ஆவணத்தை நாமே முதலில் எடுக்க வேண்டும். பி-1 பிரதிவாதியின் வங்கிக் கணக்கு. 2021 அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மாதம் 10,000 ரூபாய் வாதிக்குப் போயிருக்கிறது. 5 லட்சத்துக்கு மாதம் 2 வட்டி என்றால் சரியாக 10,000. இதை நீதிபதி ஏற்கெனவே அடிக்கோடிட்டிருப்பார். நீங்கள் தொடாமல் விட்டால் உங்களிடம் பதில் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்.

வாதி குறுக்கு விசாரணையில் 'அது கைமாற்று திருப்பிக் கொடுத்தது' என்கிறார். இந்த விளக்கத்தின் மேல் அதிகப் பாரம் ஏற்றாதீர்கள்; வாய்ச்சொல் தவிர அதற்கு ஆதாரமில்லை. பாரத்தை ஏ-4 மேல் ஏற்றுங்கள். அது பிரதிவாதி கொடுத்த பதில் நோட்டீஸ். 'இதுவரை மீதிப் பணம் கொண்டுவரவில்லை, விலையும் ஏறிவிட்டது, எனவே எழுதித் தர முடியாது' என்பதுதான் அதில் இருக்கிறது. கடன் என்ற சொல்லே இல்லை. வட்டி கட்டி வந்தவர், கிரையம் கேட்டு நோட்டீஸ் வந்த நாளில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது 'இது கிரையமே இல்லை, கடன்' என்பதைத்தானே? கடன் கதை முதன்முதலில் முளைப்பது எதிர்வழக்குரையில். அடுத்து, வட்டி என்றால் மூன்று மாதத்தோடு ஏன் நின்றது? நின்ற பிறகு வாதி வட்டி கேட்டதாகவோ, பிரதிவாதி 'அசலைத் தருகிறேன், ஒப்பந்தத்தை ரத்து செய்' என்று கேட்டதாகவோ ஒரு காகிதம் உண்டா? பி.வா.சா.1-இன் குறுக்கு விசாரணையில் இப்படி ஒரு வரி கிடைத்தால் அதை மட்டும் நிறுத்தி வாசியுங்கள்: 'அசலைத் திருப்பித் தருவதாக நான் எழுத்து மூலம் எதுவும் அனுப்பவில்லை என்றால் சரிதான்.' வாசித்ததும் பக்க எண்ணைச் சொல்லிவிட்டு, அவர் குறித்துக்கொள்ளும்வரை பேசாதிருங்கள்.

நீங்கள் யோசனையாகப் போட்டு, சாட்சி 'சரியல்ல' என்று மறுத்த கேள்வி சாட்சியம் ஆகாது. குறுக்கு விசாரணையில் ஆவேசமாகக் கேட்டதாலேயே அது பதிவாகிவிட்டதுபோல் நினைவில் தங்கும். தாளில் எழுதும்போது அப்படிப்பட்டவற்றை அடித்துவிடுங்கள்.

இரண்டாவது எழுவினாவில் சுமை முழுக்க உங்களுடையது. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் பிரிவு 16(சி) கேட்பது இரண்டு: தயார் நிலை, அதாவது பணம் புரட்டும் வசதி, விருப்பம், அதாவது நடத்தை. இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். விருப்பத்துக்கு ஏ-2 நோட்டீஸ் போதும்: கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே அனுப்பியது. பிரதிவாதி மறுத்து மூன்றரை மாதத்துக்குள் வழக்கு. தேதிகளைச் சொன்னாலே போதும், அடைமொழி வேண்டாம்.

தயார் நிலைக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வைப்பு நிதி 6 லட்சம். சேமிப்புக் கணக்கில் 4.2 லட்சம் இருந்தது, 18.07.2022 அன்று 3 லட்சம் நகைக்கடன் அதே கணக்கில் வரவாகி இருப்பு 7.2 லட்சம் ஆனது. ஆக 13.2 லட்சம். இங்கே ஒரு குழி உண்டு. இருப்பு 7.2 லட்சம் என்று சொல்லிவிட்டு நகைக்கடன் ரசீதைத் தனியாக மறுபடி 3 லட்சமாகக் கூட்டினால், எதிர்த்தரப்பு பாஸ்புத்தகத்தைத் திறந்து அந்த வரவைக் காட்டும். அதன்பின் மற்ற எண்களையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அடுத்த கேள்வியும் வரும். ஒப்பந்தப்படி பதிவுச் செலவு வாங்குபவர் தலையில் என்றால் 13 லட்சம் போதாது. 2022-இல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம்; 18 லட்சத்துக்கு 1.98 லட்சம். கையிருப்பில் ஏறக்குறைய 1.8 லட்சம் துண்டு விழுகிறது. அதற்கு இரண்டு பதில். ஒன்று சட்டம்: பணத்தைக் கையில் எண்ணிக் காட்டவோ, நீதிமன்றம் சொல்லாமல் டெபாசிட் கட்டவோ தேவையில்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது, வசதி இருந்தால் போதும். இரண்டாவது சாட்சியம்: மாதச் சம்பளம் 62,000 என்று வாதி தன் நிரூபண வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார், அதில் குறுக்கு விசாரணையே இல்லை. மறுக்கப்படாத வாக்கியம் ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று வாதிடலாம்.

குறுக்கு விசாரணையில் வாதி 'ஜூலை 10-ஆம் தேதி என் கணக்கில் 13 லட்சம் இல்லை' என்று சொல்லியிருந்தால், எதிர்த்தரப்பு அதோடு நிறுத்தி வாசிக்கும். 'நகைக்கடனுக்கு ஏற்பாடு செய்திருந்தேன்' என்ற அடுத்த வாக்கியத்தையும் நீங்களே முந்திக்கொண்டு சேர்த்து வாசித்துவிடுங்கள். வாதி கூண்டேறாமல் பவர் ஏஜென்டை மட்டும் ஏற்றியிருந்தால் இந்த எழுவினா ஆட்டம் காணும்: மனதில் இருந்த விருப்பத்தை ஏஜென்ட் பேச முடியாது என்பது மன் கவுர் வழக்கின் (2010) நிலை.

மூன்றாவதில் நேரம் செலவழிக்காதீர்கள். ஒப்பந்தம் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 01.10.2018 திருத்தத்துக்குப் பிந்தியது. 'விலை ஏறிவிட்டது, எனக்குக் கஷ்டம்' என்று நீதிமன்றத்தின் விருப்புரிமையைக் கேட்கும் பழைய வாதத்துக்கு இப்போது முன்போல் இடமில்லை. முதல் இரண்டும் நிரூபணமானால் இதுவும் தொடரும் என்று இரண்டு வாக்கியம் போதும். ஒப்பந்தம் பதிவாகாத வழக்காக இருந்தால் மட்டும், அதைச் சாட்சியத்தில் ஏற்கலாம் என்ற ஆர். ஹேமலதா தீர்ப்பை (2023) கையில் வைத்திருங்கள். தமிழ்நாட்டின் 2012 பதிவுத் திருத்தத்தை வைத்தே அது பேசுகிறது.

நான்காவது முன்பணம். வழக்குரையில் கேட்காத முன்பணத்தை ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் பிரிவு 22-இன்படி நீதிமன்றம் தர முடியாது. பரிகாரப் பத்தியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் திருத்த மனு போடுங்கள், எந்தக் கட்டத்திலும் போடலாம். வாதுரையில் இதைக் கடைசியில், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். நீட்டிப் பேசினால் 'பணம் கிடைத்தால் போதும்போல' என்ற எண்ணம் விழும்.

முக்கால் மணி நேரம் கிடைத்தால் முதல் எழுவினாவுக்கு 20 நிமிடம், இரண்டாவதற்கு 18, மற்றதற்கு மீதி. எழுத்துவழி வாதுரையைக் கட்டளை 18, விதி 2(3ஏ) படி, நீதிமன்றம் அனுமதித்தால், பேசி முடிப்பதற்குள் கொடுக்க வேண்டும்; எதிர்த்தரப்புக்கு ஒரு நகல். தலைப்புகள் அந்த நான்கு எழுவினாக்களாகவே இருக்கட்டும். எதிர்த்தரப்பு பேசும்போது உங்கள் முழுத்தாள்களின் வலது பாதியைத் திறந்து வைத்து, அதில் இல்லாத புதுப் புள்ளியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பதிலுரையில் அதற்கு மட்டும் எழுந்து பேசுங்கள்.