டேங்க் நிரம்பி வழிந்தாலும் மோட்டார் தானாக நிற்பதில்லை. சென்சாரை மாற்றணுமா, ரிலேவை மாற்றணுமா?

எலக்ட்ரீஷியன் வந்து "சென்சார் போயிடுச்சு" என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதையேதான் சொன்னார். நம்பி இரண்டு தடவை, டேங்குக்குள் தொங்கும் மூன்று சென்சார் கம்பிகளையும் புதிதாகப் போட்டேன், இரண்டு தடவையும் மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது.

எதையும் வாங்குவதற்கு முன்னால், அடுத்த முறை வழியும்போது ஸ்விட்சை அணைக்க ஓடாமல் அரை நிமிஷம் கண்ட்ரோலர் பெட்டியைப் பாருங்கள். டேங்க் நிறைந்ததற்கான விளக்கு எரியவில்லை என்றால் மேலே தண்ணீர் வந்த சேதியே பெட்டிக்கு வரவில்லை. கம்பியில் உப்பு படிந்திருக்கும், இல்லை ஒயர் அறுந்திருக்கும். விளக்கும் எரிந்து மோட்டாரும் ஓடினால் பெட்டிக்குத் தெரிந்துவிட்டது, நிறுத்தத்தான் முடியவில்லை. அப்படியென்றால் கோளாறு ரிலேயில், பெட்டிக்குள் மோட்டாருக்குப் போகும் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்ச் அதுதான்.

விளக்கு இல்லாத பெட்டியா? மெயினை இறக்கி, டேங்கிலிருந்து வரும் மூன்று கம்பி ஒயர்களையும் கழற்றி, பெட்டியில் அந்த மூன்று முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு மெயினைப் போடுங்கள். பெட்டியின் கணக்கில் இப்போது டேங்க் நிறைந்திருக்கிறது. அப்பவும் மோட்டார் ஓடினால் மேலே ஏற வேண்டாம், கோளாறு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கம்பிகளுக்குப் பதிலாகத் தண்ணீரில் மிதக்கும் பந்து ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், அந்த ஒயரில் மெயின் கரண்டே போகலாம்.

என் பெட்டியில் விளக்கு எரிந்தது, 'டிக்' என்று ரிலே சத்தமும் கேட்டது, மோட்டார் மட்டும் நிற்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் பெட்டியை ஒரு தட்டு தட்டினேன், நின்றது! இரண்டு வாரம் ஓடி மறுபடி ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் ரிலே முனை கருகி, கடுகளவு உருகின மணி. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதுபோல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலே மேல் 30 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது ஹீட்டர் மாதிரிச் சுமைக்கான கணக்கு, மோட்டாருக்கு அல்ல.

"கம்பியைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும்" என்று யாராவது வருவார்கள். விளக்கு எரியாத வீட்டில், ஒயர் அறுந்திருக்காவிட்டால் சரியாகும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். நான் அதை மறுக்கவில்லை, என் வீட்டில் கோளாறு அது இல்லை. இதில் எனக்கு எரிச்சல், பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வழிவதை வீடியோ எடுத்து அனுப்புவார், ஆனால் நான் வெளியே இருக்கும்போது கீழே இருக்கிற ஸ்விட்சை ஒரு தடவை அணைக்க மாட்டார்.

அப்புறம் ரிலேவை மட்டும் மாற்றாதீர்கள், புதியதும் ஒருநாள் ஒட்டும். மோட்டார் இழுக்கும் கரண்டைத் தாங்கும் பெரிய ஸ்விட்சான காண்டாக்டர் ஒன்றைத் தனியாகப் போட்டு, ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கும்படி இணைக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. கழற்றிப் போட்ட பழைய கம்பிகள் ஆறும் இன்னும் பளபளவென்று கிடக்கின்றன.